முதலில் குரல், பிறகு கடிதம்

“ரொம்ப சீக்கிரம் முடிச்சிட்டீங்களே!” நேரில் சொன்னால், அது பாராட்டா குத்தலா என்பதைக் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதே வரி செல்பேசித் திரையில் வந்தால், படிப்பவர் அன்று எந்த மனநிலையில் இருக்கிறாரோ அதுதான் அதன் தொனி.

ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்ளி உள்ளிட்ட அமெரிக்க உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்து பார்த்தது. சில வரிகளைக் கேலியாகவோ உண்மையாகவோ மின்னஞ்சலிலும் குரலிலும் அனுப்பச் சொன்னார்கள். எந்த வழியில் அனுப்பினாலும் சுமார் 78 சதவீதம் சரியாகப் புரிந்துவிடும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலைக் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலைப் படித்தவர்கள் சொன்னதோ 56 சதவீதம்தான். காசைச் சுண்டிவிட்டுச் சொல்லியிருந்தாலே 50 கிடைத்திருக்கும்! எழுதுகிறவர் தன் குரலை மனதுக்குள் கேட்டுக்கொண்டே எழுதுகிறார். எழுத்தோடு அந்தக் குரல் போய்ச் சேருவதில்லை.

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். விற்பனைப் பிரிவில் இருக்கும் மூத்தவர் ஒருவரின் பயணச் செலவுப் பில்லைக் கணக்குப் பிரிவுப் பெண் சரிபார்க்கிறார். 3,400 ரூபாய்க்கான ஒரே லாட்ஜ் ரசீது ஆகஸ்டிலும் இருக்கிறது, செப்டம்பரிலும் இருக்கிறது. கைத்தவறா, வேண்டுமென்றே செய்ததா என்று அவருக்குத் தெரியாது. எந்த வழியில் பேசுவது என்பதை இந்தத் தெரியாமைதான் முடிவு செய்ய வேண்டும். பதில் தெரியாத கேள்விக்கு உடனே பதில் சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

இரவு 9.40க்கு அவர் வாட்ஸ்அப்பில், “சார், உங்க பில்லுல ஒரு பிரச்சினை” என்று தட்டிவிட்டால் என்ன ஆகும்? நீல டிக் விழும்; பதில் வராது. தன்னைத் திருடன் என்கிறார்களோ என்று அவர் புழுங்குவார். மாட்டிக்கொண்டதால்தான் பேசாமல் இருக்கிறார் என்று இவர் நினைப்பார். காலையில் அந்த வரி ஸ்கிரீன்ஷாட்டாக வேறொரு குழுவில் உலவலாம். அழித்தாலும், ஏதோ அழிக்கப்பட்டது என்ற குறிப்பு எதிர்முனையில் நிற்கும்.

சாட் என்றால் வாய்ப்பேச்சு மாதிரி என்ற நினைப்பும் தவறு. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் 2021இல் ஒரு தானிய நிறுவனம், 87 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்கு அனுப்பியது. அவர் கட்டைவிரல் எமோஜி ஒன்றைப் பதிலாகப் போட்டார். கிடைத்தது என்ற பொருளில்தான் போட்டேன் என்று பின்னால் வாதாடினார். 2023இல் நீதிமன்றம் அதைக் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டு, சுமார் 82,000 கனடிய டாலர் இழப்பீடு விதித்தது. கடிதத்துக்குரிய கவனம் இல்லாமல் எழுதுகிறோம். ஆனால் கடிதத்தின் கனம் அதற்கு வந்துவிடுகிறது.

ஆகவே சாட்டின் வேலை, நேரம் கேட்பதோடு முடியட்டும். “சார், செப்டம்பர் பயணப் பில்லுல ஒரு சந்தேகம். நாளைக்கு 11 மணிக்கு அஞ்சு நிமிஷம் பேசலாமா?” விஷயம் இன்னதென்று இதில் இருக்கிறது, குற்றச்சாட்டு இல்லை. “உங்ககிட்ட பேசணும்” என்று மட்டும் அனுப்புவது ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்கும்.

போனில், “இந்த லாட்ஜ் ரசீது ஆகஸ்ட்லயும் இருக்கு சார், கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் காத்திருக்க வேண்டும். “அடடா, பழைய கவர்லயே கெடந்திருக்கும்மா” என்று சட்டென வந்தால் பாதி விஷயம் முடிந்தது. “அதெல்லாம் விடும்மா, பார்த்துக்கலாம்” என்று வந்தால், அடுத்த மின்னஞ்சல் இன்னும் அவசியமாகிறது.

அந்த மின்னஞ்சல் அன்றைக்கே போக வேண்டும். எப்போது பேசினார்கள், எந்த ரசீது, எவ்வளவு தொகை, என்ன முடிவானது, நான்கு வரி போதும். “நான் எழுதியதில் தவறிருந்தால் திருத்துங்கள்” என்று ஒரு வரி சேர்க்கலாம். ‘வருத்தமளிக்கிறது’, ‘அதிர்ச்சி’ போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. அவர் ஒப்புக்கொண்டு திருத்திய விஷயத்தில் மேலாளரை நகலில் சேர்த்தால், குறிப்பு புகாராக மாறிவிடும்.

இந்த வரிசை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு, “முதல்ல அவர்கிட்ட பேசிப் பாரு” என்று சொல்வது கொடுமை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் உள்ளகக் குழுவிடம் புகார் எழுத்தில் போக வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாத நிலையில் ஒரு பெண் இருந்தால், அவர் புகாரை எழுத்தில் கொண்டுவர உதவுவது அந்தக் குழுவின் கடமை.