அலைவேகக் கணக்கின் விடையைச் சரிபார்த்தல்

ஓர் அலையின் அதிர்வெண்ணும் அலைநீளமும் தெரிந்தால் அதன் வேகத்தை ஒரே பெருக்கலில் கண்டுவிடலாம். அதனால் இக்கணக்கில் பெருக்கலில் தவறுபவர்கள் குறைவு. அலைநீளம் சென்டிமீட்டரிலும் அதிர்வெண் கிலோஹெர்ட்சிலும் கொடுக்கப்படும்போது அலகு மாற்றத்தில் தவறுபவர்களே அதிகம். இத்தகைய தவறு விடையைச் சிறிதளவு மாற்றுவதில்லை. பத்து, நூறு, ஆயிரம் என்னும் மடங்கில் மாற்றிவிடுகிறது. எந்த மடங்கில் மாறியது என்று கண்டால், தவறு எங்கே நேர்ந்தது என்பதையும் பெரும்பாலும் கண்டுவிடலாம். அதற்கான வழிகளை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் மூலம் இக்கட்டுரை விளக்குகிறது.

சமன்பாடும் அலகும்

அலைவேகம் = அதிர்வெண் × அலைநீளம். குறியீட்டில்,

v = nλ

அதிர்வெண் என்பது ஒரு விநாடியில் ஒரு புள்ளியைக் கடக்கும் அலைகளின் எண்ணிக்கை. அலைநீளம் என்பது ஓர் அலையின் நீளம். ஒரு விநாடியில் 5 அலைகள் கடக்கின்றன, ஒவ்வொன்றின் நீளமும் 2 மீட்டர் என்றால், அலை அந்த விநாடியில் 10 மீட்டர் முன்னேறியிருக்கும். சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்.

ஹெர்ட்ஸ் என்பது ‘ஒரு விநாடிக்கு’ என்பதன் மறுபெயர். ஆகவே மீட்டரை ஹெர்ட்சால் பெருக்கினால் மீட்டர்/விநாடி, அதாவது மீ/வி கிடைக்கும். சென்டிமீட்டரை ஹெர்ட்சால் பெருக்கினால் செ.மீ/வி கிடைக்கும். சென்டிமீட்டரைக் கிலோஹெர்ட்சால் பெருக்கினால் வரும் எண்ணுக்கு மீ/வி என்று எழுதவும் முடியாது, செ.மீ/வி என்று எழுதவும் முடியாது. பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நேர்கின்றன.

எடுத்துக்காட்டுக் கணக்கு

தொலைவை அளக்கும் சிறிய மீயொலி உணரிகள் பல, 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒலியை அனுப்புகின்றன. காற்றில் அவ்வொலியின் அலைநீளம் 0.86 செ.மீ. எனில் அதன் வேகம் என்ன?

அதிர்வெண் = 40 கிலோஹெர்ட்ஸ் = 40 × 1000 = 40,000 ஹெர்ட்ஸ்

அலைநீளம் = 0.86 செ.மீ. = 0.86 ÷ 100 = 0.0086 மீ

வேகம் = 40,000 × 0.0086 = 344 மீ/வி

கிலோஹெர்ட்சை ஹெர்ட்சாக்கும்போது எண் பெரிதாகிறது. சென்டிமீட்டரை மீட்டராக்கும்போது எண் சிறிதாகிறது. இதற்குக் காரணம் எளிது. சிறிய அலகால் அளந்தால் எண்ணிக்கை கூடும், பெரிய அலகால் அளந்தால் குறையும். மாற்றம் முடிந்ததும் ஒரு கணம் நின்று, எண்கள் சரியான திசையில் நகர்ந்தனவா என்று பார்க்க வேண்டும்.

முதல் சோதனை: ஊடகத்தோடு ஒப்பிடுதல்

காற்றில் ஒலியின் வேகம் 0 டிகிரி செல்சியசில் ஏறத்தாழ 331 மீ/வி. வெப்பநிலை ஒரு டிகிரி உயரும்போது ஏறத்தாழ 0.6 மீ/வி கூடும். 20 டிகிரியில் 343, 30 டிகிரியில் 349 மீ/வி. நம் விடை 344, சாதாரண அறை வெப்பநிலைக்குப் பொருந்துகிறது.

ஒரு மாணவருக்கு 34.4 மீ/வி என்று விடை வந்ததாக வைத்துக்கொள்வோம். இது மணிக்கு 124 கி.மீ. வேகம், விரைவு ரயிலின் வேகம். ஒலி இவ்வளவுதான் செல்லும் என்றால், ஒரு கிலோமீட்டர் தொலைவில் மின்னல் வெட்டிய பிறகு இடியோசை நம்மை அடைய 29 விநாடி ஆகும். உண்மையில் ஏறத்தாழ 3 விநாடியே ஆகிறது. எனவே 34.4 சரியான விடையாக இருக்க முடியாது.

இச்சோதனையில் ஊடகம் எது, அலை எது என்பதைக் கவனிக்க வேண்டும். தண்ணீரில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1,480 மீ/வி. எஃகில் அது 5,000 மீ/வி-ஐத் தாண்டும். காற்றுக்கு 3,440 என்பது தவறு என்று உடனே தெரியும். ஆனால் கணக்கில் ‘ஒரு திண்மப் பொருளில்’ என்று மட்டும் இருந்தால், அதே 3,440 நம்பத்தக்க விடையாகவே தோன்றும். அப்போது அடுத்த சோதனைகள் தேவைப்படும்.

மடங்கைக் கொண்டு தவறைக் கண்டறிதல்

மேலே கண்ட கணக்கில் சரியான விடை 344. வழக்கமாக வரும் தவறான விடைகள் இவை:

- 34.4: பத்தில் ஒரு பங்கு. இரண்டு அலகுகளையும் மாற்றாமல் 40 × 0.86 என்று பெருக்கியது.
- 34,400: நூறு மடங்கு. கிலோஹெர்ட்சை மட்டும் மாற்றி, சென்டிமீட்டரை அப்படியே விட்டது. இந்த எண் தவறன்று, அதற்கு இட்ட அலகுதான் தவறு. 34,400 செ.மீ/வி என்று எழுதியிருந்தால் சரியான விடையாகும்.
- 0.344: ஆயிரத்தில் ஒரு பங்கு. சென்டிமீட்டரை மட்டும் மாற்றி, கிலோஹெர்ட்சை விட்டது. இது மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு.
- 34,40,000: பத்தாயிரம் மடங்கு. சென்டிமீட்டரை 100-ஆல் வகுப்பதற்குப் பதிலாகப் பெருக்கியது. 0.86 செ.மீ. என்பது 86 மீட்டர் ஆகிவிட்டது.

முதல் தவறில் ஒரு சுருக்கவழி இருக்கிறது. 1 செ.மீ. × 1 கிலோஹெர்ட்ஸ் = 0.01 மீ × 1000 ஹெர்ட்ஸ் = 10 மீ/வி. எனவே சென்டிமீட்டரையும் கிலோஹெர்ட்சையும் நேரடியாகப் பெருக்கி, வந்ததை 10-ஆல் பெருக்கினால் மீ/வி-இல் விடை வந்துவிடும். 40 × 0.86 = 34.4, 34.4 × 10 = 344. தேர்வில் முறையாக அலகு மாற்றிச் செய்துவிட்டு, ஓரத்தில் இதைச் செய்து பார்த்தால் சில விநாடிகளில் விடை உறுதியாகும்.

மடங்கு ஒன்றே என்பதால் தவறும் ஒன்றே என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஒருவர் 0.86 செ.மீ-ஐ மில்லிமீட்டர் என்று எண்ணி 1000-ஆல் வகுத்து, கிலோஹெர்ட்சைச் சரியாக மாற்றியிருந்தாலும் 34.4 என்றே வரும். எனவே மடங்கு எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும். தவறை உறுதிசெய்ய எழுதிய படிகளைப் பார்க்க வேண்டும். விடையை மட்டும் எழுதாமல், மாற்றிய அலகுகளைத் தனி வரிகளில் எழுதுவதன் பயன் இதுதான்.

திரும்ப வகுத்துப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது

பெருக்கலைச் சரிபார்க்க வகுத்துப் பார்ப்பது எல்லோரும் அறிந்த வழி. வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் இங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. அலகு மாற்றாமல் 34.4 என்று விடை கண்டவர், 34.4 ÷ 40 = 0.86 என்று வகுத்துப் பார்ப்பார். கணக்கில் கொடுத்த 0.86 அப்படியே வந்துவிட்டது என்று மகிழ்வார். விடையோ தவறு. முன்னால் செய்த தவறையே பின்னாலும் செய்ததால் இரண்டும் ஒத்துப்போயின. இப்படி வகுப்பது பெருக்கலை மட்டுமே சோதிக்கிறது, அலகைச் சோதிக்கவில்லை.

திரும்ப வகுக்கும்போது, விடையில் எந்த அலகை எழுதினோமோ அதற்குப் பொருந்தும் அலகுகளையே எடுக்க வேண்டும். விடை மீ/வி என்றால் அதிர்வெண் ஹெர்ட்சில் இருக்க வேண்டும். வருவது மீட்டராக இருக்கும்.

34.4 ÷ 40,000 = 0.00086 மீ = 0.086 செ.மீ.

கொடுத்தது 0.86 செ.மீ. ஒத்துவரவில்லை, எனவே விடை தவறு. சரியான விடையைச் சோதித்தால் 344 ÷ 40,000 = 0.0086 மீ = 0.86 செ.மீ. ஒத்துவருகிறது.

அலைவுநேரம் வழியாக மற்றொரு சோதனை

முதலில் செய்த வழியைச் சாராமல் விடையைச் சோதிக்க, அலைவுநேரத்தைப் பயன்படுத்தலாம். ஓர் அலை ஒரு புள்ளியைக் கடக்க ஆகும் நேரம் அலைவுநேரம். அது அதிர்வெண்ணின் தலைகீழி.

அலைவுநேரம் = 1 ÷ 40,000 = 0.000025 விநாடி

இந்த நேரத்தில் ஒலி சரியாக ஓர் அலைநீளம், அதாவது 0.0086 மீட்டர் செல்கிறது. வேகம் என்பது தொலைவு ÷ நேரம்.

0.0086 ÷ 0.000025 = 344 மீ/வி

இங்கு v = nλ என்னும் சமன்பாட்டை நினைவில் வைத்திருக்கத் தேவையே இல்லை. தொலைவு, நேரம் என்னும் கீழ்வகுப்புக் கருத்து போதும். பெருக்குவதா வகுப்பதா என்று தேர்வில் ஐயம் வந்தாலும் இவ்வழி தீர்த்துவைக்கும்.

விடையில் எத்தனை இலக்கம்?

அலைநீளம் 0.86 செ.மீ. என்று இரண்டு இலக்கத்தில்தான் கொடுக்கப்பட்டது. உண்மை அளவு 0.855-க்கும் 0.865-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அதன்படி வேகம் 342-க்கும் 346-க்கும் இடையில் இருக்கும். ஆகவே பாடநூலின் விடை 343 என்றிருந்து உங்களுக்கு 344 வந்தால் அலகைத் தேடி அலைய வேண்டாம். அது முழுமையாக்கலால் வந்த வேறுபாடு. அலகுத் தவறு பத்தின் மடங்கில்தான் வரும்.

சிறிய விடையும் சரியாக இருக்கலாம்

ஒலிக் கணக்குகளைச் செய்து பழகியவர்களுக்கு ஒன்றுக்கும் குறைவான விடை வந்தால் ஐயம் எழும். சிற்றலைத் தொட்டியில் அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ், அலைநீளம் 2.4 செ.மீ. என்று கொள்வோம். வேகம் = 10 × 0.024 = 0.24 மீ/வி. இது சரியே. 48 செ.மீ. நீளமுள்ள தொட்டியை இந்த அலை 2 விநாடியில் கடக்கும், கண்ணால் பின்தொடரலாம். அலகு மாற்றாமல் 24 மீ/வி என்று எழுதினால், அலை 0.02 விநாடியில் தொட்டியைக் கடந்துவிடும், அது நகர்வதைக் கண் பின்தொடரவே முடியாது. இங்கு கிலோஹெர்ட்ஸ் இல்லாததால், மாற்றம் மறந்தால் விடை நூறு மடங்கு ஆகிறது என்பதையும் கவனிக்க.

செய்து பாருங்கள்

கடல்நீரில் 25 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுள்ள ஒலியின் அலைநீளம் 6 செ.மீ. எனில் வேகம் என்ன? 25,000 × 0.06 = 1,500 மீ/வி. சுருக்கவழியில் 25 × 6 = 150; 150 × 10 = 1,500. திரும்ப வகுத்தால் 1,500 ÷ 25,000 = 0.06 மீ = 6 செ.மீ. கடல்நீரில் ஒலியின் வேகமும் ஏறத்தாழ 1,500 மீ/வி என்பதால் விடை ஊடகத்தோடும் பொருந்துகிறது. உங்களுக்கு 150 வந்திருந்தால் இரண்டு அலகுகளும் மாறாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். 1,50,000 வந்திருந்தால் சென்டிமீட்டரைப் பாருங்கள். 1.5 வந்திருந்தால் கிலோஹெர்ட்சைப் பாருங்கள்.