செயின் எவ்வளவு தொங்கலாம்?

சென்டர் ஸ்டாண்டில் நிற்கும் பைக்கின் அடிச்செயினை, வீடியோவில் மெக்கானிக் விரலால் மேலும் கீழும் தள்ளுகிறார். பக்கத்தில் பிடித்த ஸ்கேலில் ஆட்டம் 45 மில்லிமீட்டர்.

"இந்த வண்டிக்கு 20லிருந்து 30 வரைக்கும்தான் இருக்கணும். உங்க வண்டி அளவை மேனுவல்ல பாருங்க."

ஓடும்போது கடகடவென்ற சத்தம் வந்ததற்கு இந்தத் தொய்வுதான் காரணம். அவர் ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இருபுற அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்கு நகர்த்துகிறார். அளவு 25க்கு வந்ததும் நட்டை இறுக்குகிறார். அளவுக்கு மீறி இறுக்கினால் பேரிங் தேயும்.

பிறகு சக்கரத்தை மெல்லச் சுற்றுகிறார். செயின் ஓரிடத்தில் இறுகி, இன்னோரிடத்தில் தொங்கினாலோ, ஸ்ப்ராக்கெட் பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தாலோ அட்ஜஸ்ட்மெண்ட் உதவாது. அப்போது வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, செயினையும் ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.