கஜானா நிறைந்தது, ஆலை மூடியது

1977-இல் நெதர்லாந்தின் வரவு செலவைப் புரட்டிப் பார்த்த யாருக்கும் குழப்பமே மிஞ்சியிருக்கும். எண்ணெய் விலை ஏற்றத்தில் பக்கத்து நாடுகள் பல தவித்துக்கொண்டிருந்தபோது, இந்த நாடு வெளிநாட்டு வணிகத்தில் உபரி காட்டியது. அதன் நாணயமான கில்டர் வலுவாக நின்றது. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. 1970-இல் 1.1 சதவீதமாக இருந்த வேலையின்மை 5.1 சதவீதத்தைத் தொட்டிருந்தது. புதிய இயந்திரம் வாங்கவும் ஆலை கட்டவும் முதலாளிகள் தயங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் 'தி எகானமிஸ்ட்' இதழ் இந்த முரண்பாட்டுக்கு 'டச்சு நோய்' என்று பெயர் வைத்தது. நோயாளி தேறி வெகுகாலம் ஆகியும், உலகில் எங்கே எண்ணெயோ கனிமமோ கிடைத்தாலும் இன்றும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

நோயின் தொடக்கம் 1959. வடக்கே குரோனிங்கன் மாகாணத்தில், ஸ்லோக்டரன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயியின் நிலத்தில் துளையிட்டபோது எரிவாயு வந்தது. ஷெல், எஸ்ஸோ இரண்டும் சேர்ந்து நடத்திய நிறுவனம் தோண்டிய கிணறு அது. முதலில் சிறிய இருப்பு என்றுதான் நினைத்தார்கள். அளக்க அளக்க அது பெருகி, கடைசியில் ஏறக்குறைய 2,80,000 கோடி கன மீட்டரில் போய் நின்றது. ஐரோப்பாவின் மிகப் பெரிய எரிவாயு வயல்களில் ஒன்று. 1960-கள் முடிவதற்குள் நாடு முழுக்கக் குழாய் போட்டார்கள். வீடுகளில் நிலக்கரி அடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்தது. தெற்கே லிம்பர்க்கின் நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக 1965-இல் அரசு அறிவித்தது. மிச்ச வாயு ஜெர்மனிக்கும் பெல்ஜியத்துக்கும் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் போயிற்று.

இனி அந்த வாயுவுக்கு வந்த பணத்தின் பின்னால் போவோம், ஏனென்றால் நோய்க்கிருமி அதில்தான் இருக்கிறது. ஜெர்மன் நிறுவனம் வாயு வாங்குகிறது. அந்த வருமானத்தில் பெரும்பங்கு வரியாகவும் பங்காகவும் டச்சு அரசுக்கு வர வேண்டும். அரசு ஆசிரியருக்கும் செவிலியருக்கும் சம்பளம் கொடுப்பது கில்டரில். ஆக, எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் மார்க்கையோ டாலரையோ கொடுத்துக் கில்டர் வாங்கியே தீர வேண்டும். மறுபக்கம், உள்நாட்டு வாயு வந்துவிட்டதால் அயல்நாட்டு நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் கில்டரைக் கொடுத்து அந்நியச் செலாவணி வாங்கும் தேவை குறைந்தது. கில்டரைக் கேட்பவர்கள் கூடினார்கள், விற்பவர்கள் குறைந்தார்கள். 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை எகிறியபோது, அதோடு பிணைக்கப்பட்டிருந்த வாயு விலையும் கூடவே ஏறியது. பல வாடிக்கை நாடுகளின் நாணயங்களுக்கு எதிராகக் கில்டர் உயர்ந்தது.

நாணயம் உயர்ந்தால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். வெளிநாட்டுக் கார் மலிவாகும், ஸ்பெயின் கடற்கரைக்குச் சுற்றுலா போகலாம், குடும்பங்களுக்குக் கொண்டாட்டம்தான். அடி விழுவது வெளியூருக்குச் சரக்கு அனுப்பும் ஆலைக்கு. கற்பனையாக ஒரு பம்ப் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பம்ப்பை ஏற்றுமதி செய்தால் கையில் 1,000 கில்டர் வருகிறது. இறக்குமதி செய்த எஃகுக்கும் உதிரிகளுக்கும் 500 போகிறது, கூலிக்கு 420 போகிறது, 80 லாபம். இப்போது கில்டரின் மதிப்பு கூடி, அதே வெளிநாட்டு விலைக்கு 900 கில்டர்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்ப்பின் விலையை ஏற்ற முடியாது. ஏற்றினால் வாங்குபவர் இத்தாலிக்காரரிடம் போய்விடுவார். எஃகு இறக்குமதி என்பதால் அந்தச் செலவும் 450 ஆகக் குறைகிறது. கூலி மட்டும் உள்ளூர்க் கணக்கு, அது 420-லேயே நிற்கிறது. லாபம் 80-லிருந்து 30 ஆகிவிட்டது. தொழிலாளர்கள் இன்னும் பத்து சதவீதம் கூலி உயர்வு வாங்கினால் கூலி 462. பம்ப் ஒன்றுக்கு 12 கில்டர் நஷ்டம். ஆலை நிர்வாகம் சோம்பேறியாகவில்லை, தொழிலாளி மோசமாக வேலை செய்யவில்லை, பம்ப்பும் அதே தரமான பம்ப்தான்.

அதே ஊர் முடிதிருத்தும் கடைக்காரருக்கு இந்தக் கவலை கிடையாது. ஊரில் பணப்புழக்கம் கூடினால் அவர் கட்டணத்தை ஏற்றுவார். இத்தாலியிலிருந்து யாரும் முடிவெட்டலை இறக்குமதி செய்ய முடியாது. வீடு கட்டுபவரும் உணவகம் நடத்துபவரும் அப்படித்தான். அவர்களால் கூடுதல் கூலி கொடுக்க முடிகிறது, பம்ப் ஆலையால் முடியவில்லை. ஆட்கள் அங்கே நகர்கிறார்கள். மாக்ஸ் கார்டன், பீட்டர் நியரி என்ற இரு பொருளியலாளர்கள் 1982-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்த ஓட்டத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. ஒன்று, புதிய வளத்தைத் தோண்டும் தொழிலே ஆட்களையும் முதலையும் இழுத்துக்கொள்வது. மற்றது, அந்த வருமானம் உள்நாட்டில் செலவாகி, சேவைத் தொழில்களின் விலையையும் கூலியையும் ஏற்றிவிடுவது. எரிவாயுக் கிணற்றுக்கு ஆட்கள் அதிகம் வேண்டாம். எனவே நெதர்லாந்தைப் படுக்க வைத்ததில் பெரும்பங்கு இரண்டாவதற்குத்தான்.

செலவு என்று பார்த்தால், 1970-களில் டச்சு அரசு தாராளமாகவே செலவழித்தது. உதவித்தொகைகளைக் குறைந்தபட்சக் கூலியோடு கோத்தார்கள். கூலி ஒப்பந்தங்களில் பஞ்சப்படி தானாக ஏறியது. விலை ஏறினால் கூலி ஏறும், கூலி ஏறினால் உதவித்தொகை ஏறும். உடல் இயலாமைக்கு என்று 1967-இல் கொண்டுவந்த காப்பீட்டுத் திட்டம் விசித்திரமான பாதையில் போயிற்று. ஆட்குறைப்பு செய்ய வேண்டிய ஆலைகள், வயதான தொழிலாளர்களை வேலையில்லாதோர் பட்டியலுக்கு அனுப்பாமல் இந்தத் திட்டத்துக்குள் தள்ளிவிட்டன. தொழிலாளிக்கும் அது லாபம், உதவி கூடுதல், காலக்கெடுவும் இல்லை. சங்கமும் நிர்வாகமும் சண்டையில்லாமல் பிரிந்தன. 1980 வாக்கில் இந்த உதவி பெறுவோர் 6 லட்சத்தைத் தாண்டினார்கள். முதுகுவலிக்காரர்களின் பட்டியலுக்குள் மூடிய ஆலைகள் ஒளிந்திருந்தன என்று சொன்னால் மிகையல்ல. வேலையின்மை 5.1 சதவீதம் என்ற கணக்கையும் இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

இந்த நோயில் எனக்கு மிக ஆபத்தானதாகத் தெரிவது அது அபாய மணியை அணைத்துவிடுவது. சாதாரண நாட்டில் தொழிற்சாலைகள் போட்டியில் தோற்றால், ஏற்றுமதி சரியும், இறக்குமதி கூடும், பற்றாக்குறை வரும், நாணயம் இறங்கும். நாணயம் இறங்கியதும் பம்ப் மறுபடி விலைபோகும். வலிக்கும், ஆனால் அதுவாகத் திருந்தும். நெதர்லாந்தில் வாயு ஏற்றுமதி அந்தப் பள்ளத்தை நிரப்பிவிட்டது. மொத்தக் கணக்கு உபரி காட்டியதால் யாரும் பதறவில்லை. வாயுவைக் கழித்துவிட்டு மிச்ச ஏற்றுமதியை மட்டும் பார்த்திருந்தால், உள்நாட்டில் ஒரு சரக்கை உருவாக்க ஆகும் கூலிச் செலவைப் போட்டி நாடுகளோடு ஒப்பிட்டிருந்தால், விஷயம் முன்பே தெரிந்திருக்கும். இன்றும் ஒரு நாட்டுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்க இந்த இரண்டு கணக்குகளையே முதலில் எடுக்கிறார்கள்.

எல்லாப் பழியையும் வாயுவின் தலையில் கட்டிவிடவும் முடியாது. கிழக்கே என்ஸ்கெடே ஊரைச் சுற்றியிருந்த துணி ஆலைகள், கூலி குறைந்த நாடுகளின் போட்டியில் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தன. வாயுப் பணமே இல்லாத ஸ்வீடனிலும் கப்பல் கட்டும் தளங்கள் மூடப்பட்டன. நெதர்லாந்தின் பெரிய கப்பல் நிறுவனமான ரைன்-ஸ்கெல்டே-வெரோல்மே, அரசு கோடிக்கணக்கில் கொட்டிக் கொடுத்தும் 1983-இல் விழுந்தது. இன்னொரு சங்கதியும் உண்டு. ஜெர்மன் மார்க்குக்கு எதிராகக் கில்டர் உயரவே இல்லை, கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. ஆனால் மார்க்கே பிற நாணயங்களைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்தது, கில்டர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே போயிற்று. செலாவணி விலை அசையாத நாட்டுக்கும் இந்த நோய் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாணயத்தைக் கட்டிப்போட்டால், ஏற்றம் உள்ளூர்க் கூலி வழியாகவும் வீட்டு வாடகை வழியாகவும் வந்து சேரும். பம்ப் ஆலைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வேலையின்மை பத்து சதவீதத்தைத் தாண்டிப் போகும் நிலை வந்த பிறகே மருந்து தேடினார்கள். 1982 நவம்பரில் வாஸ்ஸனார் என்ற ஊரில் தொழிற்சங்கத் தலைவர் விம் கோக்கும் முதலாளிகள் சங்கத்தின் கிறிஸ் ஃபன் ஃபேனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். கூலி உயர்வைச் சங்கங்கள் அடக்கிக்கொள்ளும், பதிலுக்கு வேலை நேரம் குறைந்து இருக்கும் வேலை பலருக்குப் பகிரப்படும். பஞ்சப்படி தானாக ஏறும் வழக்கம் படிப்படியாக மறைந்தது. நாணயத்தை மதிப்பிறக்கி அவர்கள் தப்பிக்கவில்லை. மார்க்கோடு கில்டரை இறுக்கிக் கட்டிவிட்டு, ஜெர்மனியைவிட மெதுவாகக் கூலியை ஏற்றி, ஆண்டுக்கணக்கில் பொறுத்திருந்து போட்டித்திறனை மீட்டார்கள். அந்த விம் கோக் 1994-இல் பிரதமரே ஆனார்.

குரோனிங்கன் வாயுவால் அரசுக்குக் கிடைத்த மொத்தம் ஏறக்குறைய 36,300 கோடி யூரோ என்று 2023-இல் வந்த நாடாளுமன்ற விசாரணை அறிக்கை சொல்கிறது. இந்தத் தொகைக்குச் சேமிப்பு நிதி என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. வாயு எடுத்ததால் நிலம் அமிழ்ந்து நிலநடுக்கங்கள் வந்து, வீட்டுச் சுவர்கள் வெடித்து, 2024-இல் அந்த வயலையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நார்வே வேறு வழியில் போயிற்று. எண்ணெய்ப் பணத்துக்கென்று 1990-இல் சட்டம் போட்டு ஒரு நிதியம் உண்டாக்கி, அந்தப் பணம் முழுவதையும் வெளிநாட்டிலேயே முதலீடு செய்கிறது. டாலராக வந்தது டாலராகவே வெளியே இருப்பதால் உள்நாட்டு நாணயமான குரோன்மேல் அழுத்தம் குறைவு. ஆண்டுதோறும் நிதியத்திலிருந்து ஒரு சிறு பங்கைத்தான் அரசு எடுக்கலாம். 2001-இல் அது 4 சதவீதம், 2017-லிருந்து 3 சதவீதம். செலவு வழியாக வரும் நோய்க்கு இது நல்ல தடுப்பூசி. கார்டனும் நியரியும் சொன்ன முதல் வழியை இது அடைக்கவில்லை. கடலடி எண்ணெய்த் தொழில் கொடுத்த சம்பளத்துக்கு மற்ற ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை, நல்ல பொறியாளர்கள் எல்லாம் அங்கேயே போனார்கள். 2014-இல் எண்ணெய் விலை சரிந்ததும் குரோனும் கூடவே இறங்கியது. எண்ணெய்க் கம்பெனிகள் ஆட்குறைப்பு செய்த அந்தக் காலத்தில், வெளிநாட்டுக்கு சால்மன் மீன் அனுப்பும் நார்வே வியாபாரிகளுக்கு ஒவ்வொரு யூரோவுக்கும் கூடுதல் குரோன் கிடைத்தது.