வாங்கியது 300, எழுத வேண்டியது 240

சென்னையில் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். பயிற்சிக்கு வந்த கல்லூரி மாணவியை அம்பத்தூரில் உள்ள ஒரு கம்பெனிக்குக் கணக்கு பார்க்க அனுப்புகிறார்கள். கையில் முன்பணம் 300 ரூபாய். பஸ்ஸுக்குப் போக வர 40, ஜெராக்ஸுக்கு 120, கூரியருக்கு 80 என 240 ரூபாய் செலவாகிறது. மீதி 60 ரூபாயோடு மாலையில் திரும்புகிறார்.

வவுச்சரில் எந்தத் தொகையை எழுதுவது? புதியவர்கள் இங்கேதான் தடுமாறி 300 என்று எழுதிவிடுகிறார்கள். வவுச்சர் என்பது செலவான பணத்துக்குத்தான். முன்பணம் வாங்கும்போது ஒரு துண்டுச்சீட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார். 240-க்கு வவுச்சரும் 60 ரூபாய் ரொக்கமும் கொடுத்து அந்தச் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதன் காரணம் பணப்பெட்டியில் இருக்கிறது. பல அலுவலகங்களில் சில்லறைச் செலவுக்கென ஒரு நிலையான தொகை ஒதுக்கியிருப்பார்கள். அது 5,000 என்றால், பெட்டியில் உள்ள ரொக்கம், வவுச்சர்கள், முன்பணச் சீட்டுகள் எல்லாம் சேர்ந்து எந்த நேரத்திலும் 5,000 வரவேண்டும். காலையில் ரொக்கம் 3,200, வவுச்சர் 1,500, மாணவியின் சீட்டு 300. மாலையில் ரொக்கம் 3,260, வவுச்சர் 1,740. கூட்டல் சரி. வவுச்சரில் 300 எழுதி 60-ஐயும் பெட்டியில் போட்டிருந்தால், கணக்கு 60 ரூபாய் கூடுதலாகக் காட்டும். கேஷியர் இரவில் உட்கார்ந்து தேட வேண்டியதுதான்.

‘அம்பத்தூர் செலவு’ என்று ஒரே வரியில் முடிக்காமல் பயணம், ஜெராக்ஸ், கூரியர் மூன்றையும் தனித்தனியே எழுத வேண்டும். அவை வெவ்வேறு கணக்குத் தலைப்புகளில் போகும். கம்பெனியின் பெயரும் தேவை, ஏனெனில் அந்தச் செலவை அவர்களிடமே வசூலிக்கலாம். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதி, ‘மட்டும்’ என்று முடிக்க வேண்டும். எண்ணுக்கு முன்னால் இடம் விட்டால் 240 சுலபமாக 1,240 ஆகிவிடும். தவறாக எழுதியதன் மேலேயே திருத்தக் கூடாது. ‘ரத்து’ என்று குறித்து அந்தத் தாளையும் கட்டிலேயே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசை எண்ணில் ஓட்டை விழும். ஆட்டோவில் போய் ரசீது இல்லாவிட்டால், எங்கிருந்து எங்கே, எதற்காக என்று எழுதிப் பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கலாம்.

டைம்ஷீட்டில் இன்னொரு பொறி. மாணவி அங்கே 1 மணி 45 நிமிடம் பில்களைச் சரிபார்த்தார். மணிக்கணக்கைத் தசமத்தில் கேட்கும் படிவத்தில் அது 1.75. அவசரத்தில் 1.45 என்று போட்டால் 18 நிமிட உழைப்பு காணாமல் போகும். ‘ஆடிட் வேலை, 8 மணி’ என்ற வரி யாருக்கும் பயன்படாது; ‘ஜூன் மாதக் கொள்முதல் பில்கள் சரிபார்ப்பு’ என்று எழுதினால்தான் அடுத்து போகிறவர் ஜூலையிலிருந்து தொடங்க முடியும். பயண நேரத்துக்குத் தனி வரி. மதிய உணவு நேரம் பெரும்பாலும் சேராது.

டைம்ஷீட்டை வாரக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்புவதுதான் பெரிய ஆபத்து. செவ்வாய்க்கிழமை பஸ் டிக்கெட் வவுச்சரோடு இருக்க, டைம்ஷீட்டில் அம்பத்தூர் புதன்கிழமை என்று இருந்தால், சரிபார்ப்பவர் இரண்டையுமே நிறுத்திவைப்பார். அலுவலகம் திரும்பியதும் இரண்டையும் சேர்த்தே எழுதினால் தேதி பிசகாது.