அந்தப் பீரியடை மாத்திக்கலாமா சார்?

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். சர் சி.வி. ராமன் 1928இல் தமது கண்டுபிடிப்பை அறிவித்த நாள் என்பதால் 1987 முதல் நாடு முழுக்கக் கொண்டாடப்படுகிறது. நம் பள்ளிகளில் அன்று கண்காட்சி இருக்கும். அட்டை எரிமலையும் தெர்மகோல் சூரியக் குடும்பமும் ஹாலில் வரிசை கட்டி நிற்கும். வேடிக்கை பார்க்கப் போகிற பெற்றோருக்கு ஒரு விஷயம் தெரிய வாய்ப்பில்லை. அந்த மேசைகளைப் போட்டு மாடல்களை அடுக்க, அறிவியல் ஆசிரியைக்கு முதல் நாள் மதியம் இரண்டு பீரியடாவது வேண்டும். அந்த நேரத்தில் அவருக்கு வேறு வகுப்பு இருக்கும். அதைச் சக ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மாதமும் பொல்லாத மாதம். பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுகள் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் நடக்கும். ஆய்வகம் கிடைக்காது. முதுகலை ஆசிரியர்கள் சிலர் புறத்தேர்வாளராக வேறு பள்ளிக்குப் போயிருப்பார்கள். அவர்களுடைய வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இருக்கிறவர்கள் தலையில் விழுந்திருக்கும். ஸ்டாஃப் ரூமில் எல்லோருமே களைத்திருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் ஒருவருடைய ஓய்வு பீரியடைக் கேட்பது சின்ன உதவி அல்ல.

ஓய்வு பீரியட் எத்தனை இருக்கும்? நாளைக்கு எட்டு, வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 40 பீரியட். அதில் ஒருவருக்கு 28 வகுப்பு என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 12. நோட்டுத் திருத்துவது, பாடக்குறிப்பு எழுதுவது, தேர்வுத்தாள் திருத்துவது, எமிஸ் பதிவு எல்லாம் அந்தப் பன்னிரண்டுக்குள்தான். மாற்றிக்கொள்ள வேண்டுமானால் எனக்கு வகுப்பு உள்ள நேரத்தில் அவர் ஓய்வாக இருக்க வேண்டும், அவருக்கு வகுப்பு உள்ள நேரத்தில் நான் ஓய்வாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்தில் மூன்று வாய்ப்பு. இரண்டும் ஒருசேரப் பொருந்துவதற்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பதுதான். ஆகவே யாரையாவது பிடித்துக் கேட்டுவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. தலைமை ஆசிரியர் அறையில் மாட்டியிருக்கும் மாஸ்டர் டைம்டேபிளின் முன்னால் பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்துதான் செல்பேசியைக் கையில் எடுக்க வேண்டும்.

அங்கே நின்று என்ன பார்ப்பது? ஒரு கணக்காகவே போட்டுப் பார்ப்போம். கண்காட்சி வெள்ளிக்கிழமை. அறிவியல் ஆசிரியைக்கு வியாழன் ஆறாவது பீரியட் 9 ஆ, ஏழாவது பீரியட் 8 அ, எட்டாவது ஓய்வு. முதலில் 9 ஆ. அந்த வகுப்புக்குப் போகிற மற்ற ஆசிரியர்களைத்தான் பார்க்க வேண்டும். இதுதான் அடிப்படை விதி. இரண்டு பேரும் ஒரே பிரிவுக்குப் பாடம் எடுப்பவர்களாக இருந்தால்தான் அது உண்மையான மாற்றம். அறிவியல் இருந்த இடத்தில் கணக்கு வரும், கணக்கு இருந்த இடத்தில் அறிவியல் போகும், வார முடிவில் பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்திலும் ஒரு பீரியட் குறைந்திருக்காது. 9 ஆ பக்கமே போகாத ஓர் ஆசிரியரை அனுப்பினால், அவர் காவலுக்கு உட்கார்ந்திருப்பார், பாடம் நடக்காது.

9 ஆ கணக்கு ஆசிரியருக்கு வியாழன் ஆறாவது ஓய்வு. அவர் 9 ஆ-வுக்குப் போகும் புதன் மூன்றாவது பீரியடில் அறிவியல் ஆசிரியைக்கு ஓய்வு. பொருந்திவிட்டது. ஆனால் இன்னும் இரண்டு இடத்தைப் பார்க்க வேண்டும். வியாழன் ஐந்தாவது பீரியடும் அதே வகுப்புக்குக் கணக்கு என்றால், சாப்பிட்டு வந்த பிள்ளைகளுக்கு அடுத்தடுத்து இரண்டு கணக்கு ஆகிவிடும். அப்படி இல்லை, நல்லது. அடுத்து, கணக்கு ஆசிரியருடைய வியாழக்கிழமை வரிசை. ஏழும் எட்டும் அவருக்கு வகுப்பு. ஆறையும் எடுத்துக்கொண்டால் மூன்று பீரியட் தொடர்ந்து நின்று பேச வேண்டும். இது மறுப்பதற்கு நியாயமான காரணம். அதை நாமே முதலில் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அட்டவணையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். புதன் முன்னால் வருகிறது, வியாழன் பின்னால் வருகிறது. அதாவது ஆசிரியை முதலில் அவருடைய வகுப்பை எடுத்துவிடுகிறார், அப்புறம்தான் தன் வகுப்பைக் கொடுக்கிறார். “அடுத்த வாரம் உங்க பீரியட் ஒண்ணு எடுத்துக்கறேன் சார்” என்கிற வாக்கு பெரும்பாலும் கைமாற்று வாங்கியதுபோல் மறந்துபோகும். கேட்பதற்கு முன்பே கொடுப்பது எது என்று முடிவாகியிருந்தால் அந்தச் சங்கடம் வராது. இரண்டு பொருத்தம் கிடைத்தால், நாம் முதலில் எடுக்கும்படி வருவதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனிதான் செய்தி. வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: “சார், நாளைக்கு ஃபங்ஷன் வேலை இருக்கு, என் ஆறாவது பீரியட் கொஞ்சம் பார்த்துக்குங்க.” இதில் மரியாதைக்குக் குறைவான சொல் எதுவும் இல்லை. ஆனாலும் வாங்குகிறவருக்கு எரிச்சல் வரும். எந்த வகுப்பு, பாடம் எடுக்கணுமா சும்மா இருக்கணுமா, பதிலுக்கு என்ன, முடியாது என்றால் என்ன செய்வார்கள் என்று எதுவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் அவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. “கொஞ்சம்” என்ற சொல் அந்த வேலையைக் குறைத்துவிடாது.

திங்கள் மாலையே இப்படி அனுப்பலாம்:

“வணக்கம் சார். வெள்ளிக்கிழமை அறிவியல் கண்காட்சிக்கு வியாழன் மதியமே ஹாலில் மாடல்களை அடுக்கணும். அன்னிக்கு 6ஆவது பீரியட் எனக்கு 9 ஆ. புதன் 3ஆவது பீரியட் உங்களுக்கு 9 ஆ, எனக்கு லெஷர். ரெண்டையும் மாத்திக்கலாமா சார்? புதன் 3 நான் அறிவியல் எடுத்துக்கறேன், வியாழன் 6 நீங்க கணக்கு எடுத்துக்கலாம். வியாழன் 7, 8 உங்களுக்குத் தொடர்ந்து கிளாஸ் இருக்குன்னு பார்த்தேன். சிரமமா இருந்தா தயங்காமச் சொல்லுங்க சார், தமிழ் டீச்சர்கிட்ட கேட்டுப்பார்க்கறேன். நாளை மதியத்துக்குள்ள சொன்னீங்கன்னா ஹெச்.எம்.கிட்டயும் பிள்ளைங்ககிட்டயும் சொல்லிடுவேன்.”

நீளம்தான். ஆனால் படித்தவர் திரும்ப ஒரு கேள்வி கேட்க வேண்டியதில்லை. சரி, முடியாது என்ற இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். தமிழ் டீச்சர் பெயரை இழுத்தது சும்மா இல்லை. தான் மறுத்தால் கண்காட்சியே நின்றுவிடும் என்ற பாரம் கணக்கு ஆசிரியர் மேல் விழக் கூடாது. இதே செய்தியை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்தச் சுதந்திரம் போய்விடும். ஹெச்.எம். பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் யார் மறுப்பார்? தனியாகத்தான் கேட்க வேண்டும்.

அவர் பதில் இப்படி வரலாம்: “சரி டீச்சர். புதன் 3ல ஸ்லிப் டெஸ்ட் வெச்சிருந்தேன். வியாழன் 6க்கு மாத்திக்கறேன். பிள்ளைங்ககிட்ட அதையும் சொல்லிடுங்க.” இந்தக் கடைசி வரியைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பிள்ளைகள் டைம்டேபிள் பார்த்துத்தான் பையில் புத்தகம் அடுக்குகிறார்கள். செவ்வாய்க்கிழமையே கரும்பலகை ஓரத்தில் “புதன் 3 அறிவியல், வியாழன் 6 கணக்கு, ஸ்லிப் டெஸ்ட்” என்று எழுதிப் போட்டு, லீடரிடமும் சொல்லிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் புதன்கிழமை பாதிப் பேரிடம் அறிவியல் புத்தகம் இருக்காது. மாற்றிய பீரியட் வீணாகும்.

மறுத்துவிட்டால்? “பரவாயில்லை சார், நான் தமிழ் டீச்சரைக் கேட்டுக்கறேன்” என்பதோடு நிறுத்திவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

இனி அந்த 8 அ. வியாழன் ஏழாவதுக்கு எந்தப் பொருத்தமும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த வகுப்புக்குப் போகிற எல்லோருக்கும் அந்த நேரத்தில் வேறு வகுப்பு. அப்போது அதை மாற்றம் என்று பேரம் பேசாமல், உள்ளபடி தலைமை ஆசிரியரிடம் சொல்லி, யாரையாவது அந்த ஒரு பீரியடுக்குப் போடச் சொல்லிக் கேட்பதே நேர்மை. போகிறவர் சமூக அறிவியல் ஆசிரியராக இருக்கலாம். அவரை அறிவியல் நடத்தச் சொல்ல முடியாது. ஆசிரியர் துணையில்லாமல் பிள்ளைகளே செய்யக்கூடிய ஒரு வேலையை, படம் வரைந்து பாகம் குறிப்பது போன்ற ஒன்றைப் பக்க எண்ணோடு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால் அவருக்கும் நிம்மதி.

இரண்டு மாற்றங்களையுமே தலைமை ஆசிரியரிடம் சொல்லிப் பதிவு செய்துகொள்வது அவசியம். ஆய்வுக்கு அதிகாரி வந்தால் அட்டவணையில் அறிவியல் என்றிருக்க, வகுப்பில் கணக்கு நடக்கும். அந்த நேரத்தில் ஒரு பிள்ளை விழுந்து அடிபட்டால், பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அட்டவணையில் பெயர் உள்ளவரிடம்தான் முதலில் வரும். வாய்ப்பேச்சைவிட எழுத்தில் கேட்பது நல்லது என்பதற்கு இதுவும் காரணம். முதல் பீரியடைத் தொடாமலிருப்பதும் நல்லது. பல பள்ளிகளில் வகுப்பாசிரியர் வருகைப்பதிவு எடுக்கும் நேரம் அது.

யாரிடம் கேட்பது என்பதில் எனக்கு இரண்டு மன வருத்தங்கள் உண்டு. ஒன்று, பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகத் தற்காலிகமாக வேலை பார்க்கும் ஆசிரியர்கள். நிரந்தர ஆசிரியர் கேட்டால் மறுக்க அவர்களுக்கு வாய் வராது. அதனாலேயே எல்லோரும் அவர்களிடமே போகிறார்கள். அவர் சரி என்றதை வைத்து அவருக்குச் சிரமம் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. கேட்பவர்தான் அவருடைய அட்டவணையை இருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று விளையாட்டு பீரியட். ஆண்டு விழாவோ கண்காட்சியோ, முதலில் காணாமல் போவது அதுதான். பி.இ.டி. ஆசிரியர் சம்மதித்துவிடுவார். ஆனால் வாரத்தில் ஓரிரு முறை மைதானத்துக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் யாரும் கேட்பதில்லை. கணக்கு பீரியடைத் திருப்பிக் கொடுப்பதுபோல் அதை யாரும் திருப்பிக் கொடுப்பதுமில்லை. வரும் பிப்ரவரியில் மாஸ்டர் டைம்டேபிள் முன்னால் நிற்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பி.இ.டி. என்று எழுதியிருக்கும் கட்டத்தை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள்.