அலுவலக ஆங்கிலத்தில் 'ரிவேர்ட்', 'பிரிபோன்'

மாணவர்களே, அலுவலகக் கடிதங்களில் 'ப்ளீஸ் ரிவேர்ட்' என்று முடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் அலுவலகங்களில் இதன் பொருள் 'பதில் தாருங்கள்' என்பதாகும். ஆனால் பிரித்தானியருக்கும் அமெரிக்கருக்கும் 'ரிவேர்ட்' என்பது முன்பிருந்த நிலைக்குத் திரும்புவதையே குறிக்கும். குத்தகை முடிந்ததும் காணி உரிமையாளருக்கு மீள்கிறது அல்லவா? அதுவே இச்சொல்லின் சரியான இடம்.

இதனால் வரும் இடரை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். கொழும்பில் உள்ள ஆடைத் தொழிற்சாலையின் எழுதுவினைஞர் இலண்டனில் உள்ள கொள்வனவாளருக்கு எழுதுகிறார்: "சட்டைக் கழுத்துப்பட்டியை நீலத்திலிருந்து வெள்ளைக்கு மாற்றியுள்ளோம். ப்ளீஸ் ரிவேர்ட்." அவர் கேட்டது சம்மதம். வாசித்தவருக்கோ 'பழைய நீலத்துக்கே மாற்றுங்கள்' என்று தோன்றும். யார் மாற்றுவது, ஏன் மாற்றுவது என்று அவர் குழம்புவார். 'ஐ வில் ரிவேர்ட் டு யூ' என்பது இன்னும் வேடிக்கை. 'நான் மறுபடியும் நீங்களாக மாறிவிடுவேன்' என்றல்லவா அது ஒலிக்கும்!

எனவே பதில் கேட்கும்போது 'ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே' என எழுதுங்கள். விசாரித்துவிட்டுப் பதில் தருவதாயின் 'ஐ வில் கெட் பாக் டு யூ' பொருந்தும். மேற்கண்ட எழுதுவினைஞர் 'ப்ளீஸ் லெட் அஸ் நோ இஃப் யூ அக்ரீ' என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை.

'பிரிபோன்' வேறு விதமானது. 'போஸ்ட்போன்' என்றால் பிற்போடுதல். அதற்கு எதிராக முற்படுத்துதலைக் குறிக்க இந்தியாவில் பரவலாக வழங்கும் சொல் இது. ஒரே சொல்லில் கருத்தைச் சொல்வதால் எனக்குப் பிடித்த சொல்லுங்கூட. ஒக்ஸ்போர்ட் அகராதியிலும் இடம்பெற்றுள்ளது. எனினும் வெளிநாட்டவர் பலர் இதைக் கேட்டதேயில்லை. அவர்கள் 'பிரிங் ஃபோவர்ட்' என்பார்கள்.

இங்கும் ஒரு பொறி உண்டு. "புதன்கிழமைக் கூட்டம் 2 நாள் மூவ்ட் ஃபோவர்ட்" என்று எழுதினால், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுள்ளேயே சிலர் திங்கள் என்றும் சிலர் வெள்ளி என்றும் கொள்வர். ஆகவே பழைய நாளையும் புதிய நாளையும் சேர்த்தே எழுதுக: "த மீட்டிங் ஹாஸ் பீன் ப்ரோட் ஃபோவர்ட் ஃப்ரொம் வெட்னஸ்டே டு மண்டே." வினைச்சொல் புரியாதவருக்கும் நாள் புரிந்துவிடும்.

'டு த நீட்ஃபுல்' என்பதற்கும் இதே முறைதான். 'ஆவன செய்க' என்று விடாமல், ஆக வேண்டியது எதுவோ அதையே எழுதுங்கள்: படிவத்தில் கையொப்பமிட்டு அனுப்புவதாயின், 'ப்ளீஸ் சைன் அன்ட் ரிட்டர்ன் த ஃபோம்.'