1911-ஆம் ஆண்டு ரூபாயும் அதிலுள்ள யானையும்

உள்ளங்கையில் வைத்துப் படமெடுத்த ஒரு வெள்ளி ரூபாய். கிரீடம் அணிந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முகம். கூடவே ஒரு கேள்வி: “தாத்தா பெட்டியில் இருந்தது. நல்ல விலை போகுமா?” நாணயம் சேகரிப்பவர்களுக்கு இப்படிப் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவர்கள் முதலில் கேட்பது, பின்பக்கத்தையும் அனுப்புங்கள் என்பதுதான். ஆண்டு அங்கேதான் இருக்கிறது.

பழையது என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. ராஜராஜ சோழன் காலத்துச் செப்புக்காசுக்கு வயது ஆயிரம். ஆனால் ஏராளமாகக் கிடைப்பதால், சாதாரணக் காசு ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கே வாங்கிவிடலாம். எத்தனை மிஞ்சியிருக்கின்றன, அவற்றை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதே கணக்கு. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்களிலும் பெரும்பாலானவை கோடிக்கணக்கில் அச்சானவை. தேய்ந்திருந்தால் வெள்ளியின் விலையை ஒட்டியே போகும்.

1911 மட்டும் தனிக்கதை. அந்த ஆண்டு ரூபாயில் மன்னரின் மேலங்கியில் ஒரு சிறு யானை பொறிக்கப்பட்டது. துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றியைப் போலத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்ததும் அரசு விநியோகத்தை நிறுத்தியது. கல்கத்தா, பம்பாய் அச்சகங்களில் அடித்த ஏறக்குறைய 94 லட்சம் ரூபாய்களில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிருந்தன. மற்றவற்றை உருக்கிவிட்டார்கள். 1912 முதல் யானைக்குத் துதிக்கை நீண்டது, காது பெரிதானது. சேகரிப்பாளர்கள் பழையதை இன்றும் ‘பன்றி ரூபாய்’ என்றே சொல்கிறார்கள்.

ஆகவே படத்தில் ஆண்டும் யானையும் ஒத்துப்போக வேண்டும். 1911 என்று எழுதியிருந்தும் துதிக்கை நீளமாக இருந்தால், 1912-இன் கடைசி எண்ணை யாரோ சுரண்டி மாற்றியிருக்கலாம். அல்லது காசே போலியாக இருக்கலாம். பின்பக்கத்தின் அடியில் தாமரைப் பூவுக்குக் கீழே சிறிய புள்ளி இருந்தால் அது பம்பாயில் அடித்தது. புள்ளி இல்லையென்றால் கல்கத்தா.

உலோகம் என்ன என்பதைப் படத்தால் சொல்லிவிட முடியாது. ஒரு சிறு தராசு சொல்லிவிடும். இந்த ரூபாயின் எடை 11.66 கிராம், விட்டம் சுமார் 30.5 மில்லிமீட்டர், 91.7 சதவீதம் வெள்ளி. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்கிக்கொள்ள வேண்டும். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அசல் என்றால் தராசு சுமார் 1.13 கிராம் காட்டும். 11.66-ஐ அதனால் வகுத்தால் 10.3 வருகிறது, இந்த வெள்ளிக்கலவையின் அடர்த்தி அதுதான். அதே எடையில் பித்தளையில் செய்து வெள்ளி முலாம் பூசியிருந்தால் 1.37 வரை போகும். தேய்ந்த காசுக்கு எடை கொஞ்சம் குறையும், ஆனால் வகுத்து வரும் எண் மாறாது. இங்கே ஓர் எச்சரிக்கை: நல்ல வெள்ளியிலேயே செய்த போலி இந்தச் சோதனையில் தேறிவிடும். அப்போது எழுத்துகளின் கூர்மையையும் விளிம்பின் வரிகளையும் அசலோடு வைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. வார்த்தெடுத்த போலியில் எழுத்துகள் மழுங்கியிருக்கும், பரப்பில் நுண்ணிய குழிகள் தெரியும்.

மிச்சமிருப்பது நிலை. காசில் மேடான இடங்களே முதலில் தேயும்: கிரீடத்தின் மணிகள், தாடி, மேலங்கியின் வேலைப்பாடு. இந்த ரூபாயில் யானையே மேலங்கியில் இருப்பதால், தேய்மானம் அதன் அடையாளத்தையே அழித்துவிடும். படமெடுக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால் அந்தத் தேய்மானம் தெளிவாகத் தெரியும். நேரே ஃபிளாஷ் அடித்தால் எல்லாம் ஒரே வெள்ளையாகிவிடும்.

வீடுகளில் நடக்கும் பெரிய சேதம், காசைத் தேய்த்துக் கழுவுவது. விளக்கைத் துலக்குவதுபோல் புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்தால் காசு பளபளக்கும், கூடவே மயிரிழைக் கீறல்கள் நிறைந்துவிடும். பல ஆண்டுகளாகப் படிந்த கருமையைச் சேகரிப்பாளர்கள் விரும்புகிறார்கள். அது போனால் திரும்ப வராது, விலையும் சரியும். நகையாகப் போட்டுக்கொள்ள வளையம் ஒட்டிய காசுகளும் நிறைய வருகின்றன. வளையத்தை எடுத்த பிறகும் விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருக்கும். அரிய ஆண்டானாலும் அந்தத் தழும்பு விலையைப் பெரிதும் இறக்கிவிடும்.

விலையை அறிய, நாணய ஏலங்களில் அதே ஆண்டு, அதே நிலையிலுள்ள காசு உண்மையில் எவ்வளவுக்கு விற்றது என்று பார்ப்பதே நம்பகமானது. இணைய விளம்பரங்களில் ஆசைப்பட்டுப் போடும் லட்சங்கள் கணக்கில் சேராது. வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, முன்பணமாகக் கட்டணமோ வரியோ கேட்டால் அது மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிப் பழைய நோட்டு, நாணயங்களுக்குக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.